அனுமதி ‘அளிக்க’வா, ‘அழிக்க’வா?

வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கங்களிலும் முன்னாள் மாணவர் குழுக்களிலும் ஒரு தமிழ்க் கடிதம் எப்படித் தயாராகிறது என்று பார்த்திருப்பீர்கள். ஒருவர் கைப்பேசியில் தட்டி வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். “அருமை”, “சூப்பர்” என்று பத்துப் பேர் கட்டைவிரலை உயர்த்துகிறார்கள். கடைசியில், அச்சடிப்பதற்கு முந்தைய இரவு, ‘தமிழ் நல்லாத் தெரிஞ்சவர்’ என்று பெயரெடுத்த ஒரு பெரியவருக்குக் கோப்பு போகிறது. அவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் திருத்தி அனுப்புகிறார். எதை மாற்றினார், ஏன் மாற்றினார் என்று யாருக்கும் தெரியாது. அடுத்த கடிதத்திலும் அதே பிழைகள் வரும். அவர் ஊரில் இல்லாத வாரத்தில் கடிதம் அப்படியே போய்விடும்.

இந்தப் பழக்கத்தை மாற்ற வேண்டும் என்பதுதான் என் வாதம். பிழை பார்ப்பது ஒருவரின் புலமையை நம்பி நடக்க வேண்டிய வேலையே அல்ல. அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசை தெரிந்தால், இங்கேயே பிறந்து வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளையாலும் ஒரு பக்கக் கடிதத்தை அரை மணி நேரத்தில் பெருமளவு சரிசெய்துவிட முடியும்.

“புரியுதுல்ல? ஒரு ‘ப்’ இல்லைன்னா என்ன குடியா மூழ்கிடும்?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஓர் ஒற்று விடுபட்டதற்காக எந்த அலுவலகமும் மனுவைத் திருப்பி அனுப்பாது. ஆனால் கடிதத்தில் உள்ள எல்லாப் பிழைகளும் ஒரே எடை கொண்டவை அல்ல. சில பிழைகள் கண்ணுக்கு மட்டும் உறுத்தும். சில பிழைகள் நாம் கேட்டதற்கு நேர் எதிரானதைக் கேட்டுவிடும். எது எந்த வகை என்று தெரியாமல் ‘புரிந்தால் போதும்’ என்று சொல்ல முடியாது. ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

சொந்த ஊர்ப் பள்ளிக்கு ஒரு வகுப்பறை கட்டித் தர விரும்பும் முன்னாள் மாணவர்கள், மாவட்ட ஆட்சியருக்கு எழுதும் கடிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட கடிதங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் பிழைகளை எல்லாம் ஒரே பத்தியில் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

“ஐயா, வணக்கம். நாங்கள் தங்கள் மாவட்டத்தில் உள்ள எங்கள் ஊர் அரசு மேல்நிலை பள்ளியில் படித்தப் பழைய மாணவர்கள். அப்பள்ளிக்கு ஒரு வகுப்பரை கட்டி தர முயற்ச்சி எடுத்து வருகிறோம். அதற்க்கு தங்கள் அனுமதியை கோரி இந்த கடிதத்தை பனிவுடன் அனுப்புகிறோம். உடனடியாக பரிசீலித்து அனுமதி அழிக்கும்படி கேட்டு கொள்கிறோம்.”

மொத்தம் 36 சொற்கள். அவற்றில் 14 பிழைகள். ஐந்து எழுத்துப் பிழைகள், ஒன்பது ஒற்றுப் பிழைகள். மேலே படிக்கும் முன், எத்தனையைக் கண்டுபிடித்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். வேகமாகப் படித்தால் ஏழெட்டுதான் கண்ணில் படும். ஏனென்றால் நாம் அர்த்தத்தைப் படிக்கிறோம், எழுத்தைப் படிப்பதில்லை. அதனால்தான் எல்லாப் பிழைகளையும் ஒரே வாசிப்பில் தேடக் கூடாது என்கிறேன். மூன்று சுற்றுகள் வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வகைப் பிழையை மட்டும் தேட வேண்டும்.

முதல் சுற்று, தனிச் சொற்களுக்கு. இதில் கடிதத்தைப் பின்னாலிருந்து படிக்க வேண்டும். கடைசிச் சொல், அதற்கு முந்தைய சொல் என்று ஒவ்வொன்றாக. இப்படிப் படித்தால் வாக்கியத்தின் அர்த்தம் நம்மை இழுத்துக்கொண்டு ஓடாது. சொல் தனியாக நிற்கும், அதன் எழுத்துகள் தெரியும்.

இந்தச் சுற்றில் ‘முயற்ச்சி’யும் ‘அதற்க்கு’ம் முதலில் மாட்டும். இவற்றுக்கு ஒரே ஒரு விதி போதும். தமிழ்ச் சொல்லுக்குள் புள்ளி வைத்த இரண்டு எழுத்துகள் அடுத்தடுத்து வந்தால், அவற்றில் முதலாவது ய், ர், ழ் ஆகிய மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். காய்ச்சல், வளர்ச்சி, மகிழ்ச்சி, வாழ்க்கை எல்லாம் அப்படி வந்தவை. ட், ற் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு புள்ளி எழுத்து வராது. ஆகவே முயற்சி, பயிற்சி, ஆட்சி, காட்சி, அதற்கு, எதற்காக என்றே எழுத வேண்டும். ஆட்சியருக்கு எழுதும் கடிதத்தின் உறையிலேயே ‘ஆட்ச்சியர்’ என்று இருந்தால் எப்படி இருக்கும்? அந்தப் பிழையை இந்த ஒரு விதி தடுத்துவிடும். ஆங்கிலத்திலிருந்து வந்த பெயர்களுக்கு மட்டும் இதைப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

அடுத்தது ல-ள-ழ, ர-ற, ந-ன-ண குழப்பம். இதற்கு ஊர்ப் பேச்சு ஒரு காரணம் என்றால், நம் கைப்பேசி இன்னொரு காரணம். வெளிநாட்டில் நம்மில் பலர் ஆங்கில எழுத்தில் தட்டித்தான் தமிழை வரவழைக்கிறோம். ஆங்கிலத்தில் இருப்பது ஒரு ‘எல்’. தமிழில் அதற்கு மூன்று எழுத்துகள். கைப்பேசி சில சொற்களை நீட்டும். அவசரத்தில் முதலில் நிற்பதை நாம் தொட்டுவிடுகிறோம். வகுப்பறை ‘வகுப்பரை’ ஆவதும், பணிவு ‘பனிவு’ ஆவதும் இப்படித்தான். அறை என்றால் அறை. அரை என்றால் பாதி. பணி என்றால் வேலை, பணிதல். பனி என்றால் பனிதான்.

இவற்றில் ‘வகுப்பரை’, ‘பனிவுடன்’, ‘முயற்ச்சி’, ‘அதற்க்கு’ ஆகிய நான்கும் தமிழில் இல்லாத சொற்கள். ஒரு நல்ல சொல்திருத்தி இவற்றுக்குக் கீழே சிவப்புக் கோடு போட வாய்ப்பு உண்டு. ஐந்தாவது பிழையான ‘அழிக்கும்படி’க்குக் கோடு விழாது. ஏனென்றால் அது சரியான தமிழ்ச் சொல். ஆனால் அளித்தல் கொடுப்பது. அழித்தல் இல்லாமல் ஆக்குவது. “அனுமதி அளியுங்கள்” என்று கேட்க வந்தவர்கள் “அனுமதியை அழியுங்கள்” என்று கேட்டு, கீழே எல்லோரும் கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள். 14 பிழைகளில் மிகக் கனமானது இதுதான். திரையில் கோடே விழாத பிழையும் இதுதான்.

அதனால் முதல் சுற்றில் சிவப்புக் கோடுகளைத் துரத்துவதோடு நிற்கக் கூடாது. கடிதத்தின் வினைச்சொற்களை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். ஒரு மனுவில் வேலை செய்யும் வினைகள் நாலைந்துதான் இருக்கும்: அளிக்க, கோரி, அனுப்ப, வேண்ட, கேட்டுக்கொள்ள. ஒவ்வொன்றிலும் ல, ள, ழ, ர, ற, ந, ன, ண இருந்தால் நிறுத்தி, “இந்த எழுத்தோடு இதன் பொருள் என்ன?” என்று கேட்க வேண்டும். வாய்விட்டுப் படிப்பது இங்கே உதவாது. நம்மில் பலருக்கு ள, ழ இரண்டும் நாக்கில் ஒன்றாகத்தான் வருகின்றன. சந்தேகம் வந்தால் அகராதிதான் வழி.

இரண்டாம் சுற்று, சொற்களின் எல்லைகளுக்கு. சந்தி என்றாலே பிள்ளைகள் பயப்படுவதற்குக் காரணம், அதை விதிகளின் பட்டியலாகச் சொல்லித் தருவது. ‘மிகும் இடங்கள்’, ‘மிகா இடங்கள்’ என்று இரண்டு நீண்ட பட்டியல்கள். தேர்வுக்கு அது சரி. பிழை பார்ப்பதற்கு வேறு வழி இருக்கிறது. கடிதத்தை அச்சடித்து, ஒரு பேனாவை எடுத்து, க, ச, த, ப வரிசை எழுத்துகளில் தொடங்கும் சொற்களை மட்டும் வட்டமிடச் சொல்லுங்கள். வல்லினம் ஆறு என்றாலும் ட, ற இரண்டும் தமிழ்ச் சொல்லின் முதலில் வருவதில்லை. ஆகவே நமக்குக் கவலை இந்த நான்கைப் பற்றித்தான்.

நம் பத்தியில் 36 சொற்களில் 13 சொற்கள் வட்டத்துக்குள் வரும். இப்போது ஒவ்வொரு வட்டத்துக்கும் முந்தைய சொல்லைப் பார்க்க வேண்டும். அது ம், ன், ல், ள் போன்ற மெய்யில் முடிந்தால் பெரும்பாலும் கைவைக்க வேண்டாம். ‘நாங்கள் தங்கள்’, ‘பள்ளியில் படித்த’ என்ற இரண்டும் இப்படிக் கழிந்துவிடும். மிச்சம் 11 இடங்கள். சந்தி என்னும் பெரிய பூதம் இந்தக் கடிதத்தில் வெறும் 11 கேள்விகளாகச் சுருங்கிவிட்டது.

அந்த 11 இடங்களில் எட்டில் ஒற்று வர வேண்டும். அவற்றில் மூன்று, முந்தைய சொல் ‘ஐ’ அல்லது ‘கு’ என்ற உருபில் முடிவதால் வருபவை: அனுமதியைக் கோரி, கடிதத்தைப் பணிவுடன், அதற்குத் தங்கள். யாரை, எதை, யாருக்கு, எதற்கு என்ற கேள்விக்கு விடையாக நிற்கும் சொல்லுக்குப் பின் ஒற்று வரும் என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள். நான்காவது, ‘இந்தக் கடிதம்’. அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி, எப்படி எல்லாம் இதே வகை. ஐந்தாவது, ‘உடனடியாகப் பரிசீலித்து’. ‘ஆக’ என்று முடிந்தால் ஒற்று உண்டு.

ஆறாவதும் ஏழாவதும் முடியாத வினைகள். ‘கட்டித் தர’ என்பதில் வினை ‘இ’யில் முடிகிறது, ஒற்று வரும். ‘கேட்டுக்கொள்கிறோம்’ என்பதில் ‘உ’வில் முடிகிறது. இங்கேதான் பெரியவர்களும் தடுமாறுவார்கள். கேட்டு, எடுத்து, படித்து, விற்று என்று ட்டு, த்து, ற்று என இரட்டித்து முடிந்தால் ஒற்று வரும். வந்து, கொண்டு, சென்று, செய்து என்று ந்து, ண்டு, ன்று, ய்து என முடிந்தால் வராது. ஆகவே ‘எடுத்துச் சென்றார்’, ஆனால் ‘கொண்டு சென்றார்’. ‘கேட்டுக் கொண்டார்’, ஆனால் ‘செய்து கொண்டார்’. முந்தைய சொல்லில் ஏற்கெனவே வல்லினம் இரட்டித்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். இரண்டு சொற்களையும் சேர்த்து எழுதினாலும் இடம்விட்டு எழுதினாலும் இந்த ஒற்று போகாது. ‘கேட்டுக்கொள்கிறோம்’, ‘கேட்டுக் கொள்கிறோம்’ இரண்டும் வழக்கில் உண்டு. ‘கேட்டு கொள்கிறோம்’தான் தவறு. எட்டாவது ‘மேல்நிலைப் பள்ளி’. இரண்டு பெயர்கள் சேர்ந்து ஒரே பொருளைக் குறிக்கும் தொடர், பொதுத் தேர்வு, மருந்துக் கடை போல.

மிஞ்சிய மூன்று இடங்களில் ஒற்று வரக் கூடாது. அவற்றுள் ஒன்றில் நம் கடிதம் தேவையில்லாமல் ஒற்றைப் போட்டிருக்கிறது: ‘படித்தப் பழைய மாணவர்கள்’. இது இப்போது அதிகமாகிவரும் பிழை. ஒற்று விடுபட்டதற்காக யாராவது ஒருமுறை குறை சொல்லியிருப்பார்கள்; அதற்குப் பயந்து இவர் கண்ட இடத்தில் எல்லாம் தூவத் தொடங்கிவிடுவார். படித்த, வந்த, எழுதிய, உள்ள, இல்லாத என்று ஒரு பெயரைத் தேடி நிற்கும் சொல்லுக்குப் பின் ஒற்று வராது. படித்த பள்ளி, வந்த கடிதம், எழுதிய தேதி என்றே வரும். ‘படித்தப் பள்ளி’ என்று எழுதினால் அது கூடுதல் மரியாதை அல்ல, கூடுதல் பிழை.

இன்னொன்று ‘வகுப்பறை கட்டி’. ‘வகுப்பறையை’ என்று எழுதியிருந்தால் ‘வகுப்பறையைக் கட்டி’ என்று ஒற்று வந்திருக்கும். ‘ஐ’ மறைந்து நிற்பதால் வராது. இதே காரணத்தால்தான் ‘வேலை கொடுத்தார்’ என்றால் பணி கொடுத்தார். ‘வேலைக் கொடுத்தார்’ என்றால் கையில் இருந்த வேலை, அதாவது ஈட்டியைக் கொடுத்தார். வேலைவாய்ப்புக்கு நன்றி சொல்லும் கடிதத்தில் அந்தக் ‘க்’ நுழைந்தால், கொடுத்தவர் முருகப்பெருமான் ஆகிவிடுவார். ஒற்று அலங்காரம் அல்ல என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று எனக்குத் தெரியாது.

மூன்றாவது ‘அளிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்’. இங்கே ஒற்று இல்லாமல் எழுதுவதே வழக்கம். ஆனால் படித்தவர்கள் நாலு பேர் இருந்தால், இப்படிப்பட்ட ஓரிடத்திலாவது விவாதம் கிளம்பும். இரவு பதினொரு மணிக்கு இலக்கணப் போர் நடத்துவதைவிட வாக்கியத்தை மாற்றிவிடலாம். ‘அளிக்க வேண்டுகிறோம்’ என்று எழுதினால் வட்டமிட வேண்டிய இரண்டு இடங்கள் காணாமல் போகின்றன. ‘வ’ வல்லினம் அல்ல; கேள்வியே எழாது. சந்தேகம் தீராத இடத்தில் எல்லாம் இதுதான் என் வழி. கடிதமும் சுருங்கும்.

திருத்திய பத்தி இப்படி வரும்.

“ஐயா, வணக்கம். நாங்கள் தங்கள் மாவட்டத்தில் உள்ள எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் படித்த பழைய மாணவர்கள். அப்பள்ளிக்கு ஒரு வகுப்பறை கட்டித் தர முயற்சி எடுத்து வருகிறோம். அதற்குத் தங்கள் அனுமதியைக் கோரி இந்தக் கடிதத்தைப் பணிவுடன் அனுப்புகிறோம். உடனடியாகப் பரிசீலித்து அனுமதி அளிக்க வேண்டுகிறோம்.”

இந்த இரண்டு சுற்றுகளையும் தமிழாசிரியர்களும் சொல்லித் தருவார்கள். மூன்றாவது சுற்று என் தொழில் சார்ந்தது. கண்ணால் பார்த்தால் தெரியாத பிழைகளைப் பற்றியது. பழைய எழுத்துருவில் இருந்த சங்கத்தின் பழைய கடிதத்தை யூனிகோடுக்கு மாற்றி, அதன் மேல் புதிதாக எழுதுவோம். அப்போது ‘ர்’ என்ற எழுத்துக்குப் பதிலாக, துணைக்காலின் மேல் புள்ளி வைத்த ஒன்று வந்து உட்கார்ந்திருக்கும். ‘ஆசிரியர்’ என்பது ‘ஆசிரியா்’ என்று இருக்கும். பல எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. ஆனால் கணினிக்கு அவை இரண்டும் வேறு வேறு.

```
U+0BB0 U+0BCD   ர்
U+0BBE U+0BCD   ா்
```

இதனால் என்ன கெடும்? கோப்பில் ‘ஆசிரியர்’ என்று தேடினால் கிடைக்காது. சொல்திருத்தி சரியான சொல்லுக்குக் கோடு போடும். அச்சகத்தில் வேறு எழுத்துருவுக்கு மாறினால், துணைக்காலுக்குப் பக்கத்தில் புள்ளி வைத்த ஒரு வட்டம் தனியாக முளைக்கலாம். திரையில் அழகாக இருந்த கடிதம் தாளில் அசிங்கமாக வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இன்னொன்று ‘கௌரவத் தலைவர்’. கடிதத்தாளின் மேற்புறத்தில் பெயர்களோடு அச்சாகியிருக்கும் இந்தச் சொல்லைப் பலர் ‘கெ’ போட்டு, பக்கத்தில் ‘ள’ போட்டு, ‘கெளரவ’ என்று தட்டியிருப்பார்கள். ‘கௌ’ என்பது ஒரே எழுத்து. ‘கெள’ என்பது கெ, ள என்ற இரண்டு எழுத்துகள். ‘ஔவையார்’ இதே போல ‘ஒளவையார்’ ஆவது உண்டு. பைத்தான் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால், கடிதத்தை `text` என்ற மாறியில் வைத்து இரண்டு வரிகளில் எண்ணிவிடலாம்.

```
text.count("\u0bbe\u0bcd")
text.count("\u0bc6\u0bb3")
```

முதல் வரிக்கு விடை சுழியமாக இருக்க வேண்டும். தமிழில் துணைக்காலின் மேல் புள்ளி வரவே வராது. ஆகவே அதைக் கண்ணை மூடிக்கொண்டு ‘ர்’ என்று மாற்றலாம். இரண்டாம் வரிக்கு விடை சுழியமாக இருக்க வேண்டியதில்லை. வெள்ளி, தெளிவு, வெள்ளம் போன்ற ஒலி கொண்ட எத்தனையோ சொற்களில் அந்த ‘ள’ உண்மையாகவே ‘ள’தான். இங்கே ‘எல்லாவற்றையும் மாற்று’ என்று அழுத்தினால் வெள்ளிக்கிழமை ‘வௌ்ளிக்கிழமை’ ஆகிவிடும். இணையத்தில் இந்தக் கோலத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

இந்தச் சுற்று முடிந்ததும் கோப்பைப் பிடிஎஃப் ஆக்கி, ஒரு தாளில் அச்சடித்து, பெறுநரின் பெயர், பதவி, தேதி மூன்றையும் தாளில் ஒருமுறை படியுங்கள். தமிழ்நாட்டு ஆட்சியருக்குப் பெயருக்குப் பின் ‘இ.ஆ.ப.’ என்று வரும். பெயரை அவர் எப்படி எழுதுகிறாரோ அப்படியே எழுத வேண்டும். அவர் ‘ராமன்’ என்று எழுதினால் நாம் ‘இராமன்’ ஆக்கக் கூடாது.

இதைச் சொல்லும்போது இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். நம் சங்கங்களில் தமிழ்நாட்டாரும் ஈழத்தாரும் சேர்ந்தே இருக்கிறோம். ஒருவர் ‘டொராண்டோ’ என்று எழுதுவார், இன்னொருவர் ‘ரொறன்ரோ’ என்று எழுதுவார். ஒருவருக்கு ‘ஜெர்மனி’, இன்னொருவருக்கு ‘யேர்மனி’. ஒருவருக்குப் பள்ளி, இன்னொருவருக்குப் பாடசாலை. இவை பிழைகள் அல்ல, வழக்குகள். பிழை பார்க்க உட்கார்ந்தவர் தன் ஊர் வழக்குக்கு எல்லாவற்றையும் மாற்றிவிட்டால், எழுதியவருக்கு மனம் நோகும். அந்த நோவு நியாயமானது. கடிதம் யாழ்ப்பாணத்து மாவட்டச் செயலகத்துக்குப் போகிறதென்றால் அந்த வழக்கிலும், தமிழ்நாட்டு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகிறதென்றால் அந்த வழக்கிலும் எழுதலாம். ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி. ‘வாழ்த்துகள்’, ‘வாழ்த்துக்கள்’ சண்டைக்கும் என் பதில் இதுதான். நான் ‘வாழ்த்துகள்’ என்றே எழுதுகிறேன். மற்றவர் கடிதத்தில் அது இரண்டு விதமாகவும் மாறி மாறி வந்தால் மட்டும் சுட்டிக்காட்டுகிறேன்.

இணையத்தில் நாவி, வாணி போன்ற தமிழ்த் திருத்திகள் கிடைக்கின்றன. முதல் சுற்றுக்கு முன் கடிதத்தை அவற்றில் ஒருமுறை ஓட்டிவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் நீங்கள் அளிக்கக் கேட்டீர்களா, அழிக்கக் கேட்டீர்களா என்பது எழுதிய உங்களுக்குத்தான் தெரியும்.

மென்பொருள் வேலையில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்காமல் வெளியே விடுவதில்லை. பார்ப்பவர் தானே மாற்றி எழுதிக் கொடுப்பதும் இல்லை. எங்கே, ஏன் என்று குறித்துத் திருப்பி அனுப்புவார், எழுதியவரே திருத்துவார். நம் கடிதங்களுக்கும் இதைத்தான் கேட்கிறேன். தட்டச்சு செய்த பிள்ளையிடமே பேனாவைக் கொடுங்கள். வட்டங்களை அவர் போடட்டும், 11 கேள்விகளுக்கும் அவரே பதில் சொல்லட்டும். “இது ஏன் தப்பு அங்கிள்?” என்று கேட்டால் “அது அப்படித்தான்மா” என்று சொல்லாதீர்கள். “முந்தின சொல் ‘ஐ’ல முடியுது பாரு” என்று காரணத்தைச் சொல்லுங்கள். காரணம் தெரியாத இடத்தில் தெரியாது என்று சொல்லி, இருவருமாக அகராதியைத் திறந்து பாருங்கள்.

தமிழ் நன்றாகத் தெரிந்த அந்தப் பெரியவருக்கும் இதில் வேலை உண்டு. இரவு பதினொரு மணிக்குத் தனியாக உட்கார்ந்து திருத்துகிறவராக இல்லாமல், மூன்று சுற்றும் முடிந்த கடிதத்தில் மிஞ்சியிருக்கும் ஓரிரு சந்தேகங்களைத் தீர்த்து வைப்பவராக அவர் இருக்கட்டும். அடுத்த கடிதம் அச்சுக்குப் போகும் நாளில் அவர் ஊரில் இல்லாவிட்டாலும், ‘அழிக்கும்படி’ என்ற சொல்லைப் பார்த்தவுடன் நிறுத்த நம் சங்கத்தில் குறைந்தது இரண்டு பேர் இருப்பார்கள்.